மசாலா பிராண்டின் பெயரில் இட்லி மாவு: எப்போது இறங்கலாம், எப்போது நிறுத்தலாம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சாம்பார் பொடி, மிளகாய்த் தூள் நாலைந்து மாவட்டங்களில் நன்றாகப் போகிறது. அதே பெயரில் இட்லி மாவு போடலாமா?

போடலாம். ஆனால் பெயர் முதல் பாக்கெட்டைத்தான் விற்றுக் கொடுக்கும். இரண்டாவது பாக்கெட் விற்பது குளிர் வண்டியையும் கடையின் குளிர்பெட்டியையும் பொறுத்தது. உங்கள் மசாலா வியாபாரத்தில் இந்த இரண்டும் இல்லை.

மசாலாப் பொடி பல மாதங்கள் கெடாது. டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் அட்டைப்பெட்டியாகக் கிடக்கும், வாரம் ஒருமுறை லைன் வண்டி வந்தால் போதும், கடைக்காரர் அதை எந்தத் தட்டிலும் வைப்பார். ஈர மாவுக்கு ஒரு வாரம்தான் ஆயுள், அதுவும் குளிரில் இருந்தால். அது பாக்கெட்டுக்குள் போன பிறகும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். 4 டிகிரியில் மெதுவாகப் புளிக்கும். கடைக்காரர் மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பெட்டியை அணைத்தால், காலையில் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்கும்.

பெங்களூரில் 2005-ல் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் நிறுவனம் மாவிலிருந்து பரோட்டாவுக்கும், பிறகு ஃபில்டர் காபி டிகாக்ஷனுக்கும் போனது. மாவுக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் மூன்றையும் கடைக்குப் புதிதாகக் கொண்டுபோக வேண்டும், மூன்றுமே வீட்டில் நேரம் பிடிக்கும் வேலையைக் குறைப்பவை. அங்கே பெயரோடு சேர்ந்து வேலைமுறையும் நீண்டது. மசாலாவிலிருந்து மாவுக்குப் போகும் நீங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரே கேட்கிறார், கடைக்காரர்களும் "போடுங்க சார், ஓடும்" என்கிறார்கள். அது போதாதா?

போதாது. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்லும் வார்த்தை அது. "முதல் இரண்டு வாரச் சரக்குக்கு ரொக்கம், ரிட்டர்ன் பத்து சதவீதம் வரைதான்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கேட்பவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எங்கள் பெயர் இந்தப் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரைக் கேட்டதும் மக்கள் மனதில் வருவது பொருளா, குணமா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் டெட்டால். மருந்துத் திரவம் காயத்தில் எரியும், மருத்துவமனை வாசம் அடிக்கும், தண்ணீரில் விட்டால் பால்போல் மாறும். கிருமி சாகிறது என்பதற்கு மக்கள் கண்ட அடையாளங்கள் இவை. 1980-களின் தொடக்கத்தில் வந்த டெட்டால் சோப்பை முதலில் மென்மை, அன்பு, பராமரிப்பு என்ற தொனியில் விற்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அழுக்கையும் கிருமியையும் போக்கும் முழுக் குளியல் என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் சோப்பு நிலைத்தது. பெயர் பொருந்தத்தான் செய்தது. அதை எந்தக் குணத்தில் மாட்டுவது என்பதில்தான் முதலில் தவறினார்கள்.

மசாலா பிராண்டுக்கு இதைச் சோதிக்க விளம்பர ஏஜென்சி தேவையில்லை. உங்கள் பொடியை வாங்கும் 30 வீடுகள், வாங்காத 30 வீடுகள் போதும். முதலில் இட்லி மாவு என்ற பேச்சையே எடுக்காமல், "இந்தப் பேரைச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டு, முதலில் வரும் சொல்லை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். "வீட்டுப் பக்குவம்", "கலப்படம் இல்ல", "அம்மா அரைச்ச மாதிரி" என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னால் அந்தக் குணம் மாவுக்கும் போகும். "காரம்", "மணம்", "நல்ல கலர்" என்றே வந்தால் கவனம் தேவை. சாம்பார் பொடியில் விரும்பும் வாசத்தை மாவில் யாரும் விரும்ப மாட்டார்கள். மாவில் லேசான புளிப்பு தவிர வேறெந்த வாசமும் வரக்கூடாது.

அடுத்து, மூன்று மாவுப் பாக்கெட்டுகளை ஒரே விலையில் காட்டுங்கள்: ஒன்று உங்கள் பெயரில், ஒன்று ஏற்கெனவே சந்தையில் உள்ள மாவு, ஒன்று பக்கத்துத் தெரு மாவுக்கடையின் பெயரில்லாத பாக்கெட். எதை எடுக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். எடுத்ததற்குக் காசு வாங்குங்கள். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பத்து நாள் கழித்து அதே வீடுகளுக்குப் போய், "மறுபடி வாங்குனீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

தொழிற்சாலையிலும் இதே விஷயத்துக்கு ஒரு நேரடிப் பக்கம் உண்டு. பெருங்காயமும் மல்லியும் வறுக்கும் கூரையின் கீழ் மாவு அரைத்தால் வாசம் அதில் ஏறும். தனிக் கட்டடம் வேண்டும், குறைந்தது தனிக் காற்றோட்டமாவது வேண்டும். திட்ட மதிப்பீட்டில் இந்தச் செலவைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குணம் பொருந்தினால் ஓடிவிடுமா?

இல்லை. சஃபோலாவைப் பாருங்கள். இதயத்துக்கு நல்லது என்பதுதான் அந்தச் சமையல் எண்ணெயின் பெயரோடு ஒட்டிய குணம். அதே குணத்தை வைத்து மேரிக்கோ நிறுவனம் 'சஃபோலா ஜெஸ்ட்' என்ற சுட்ட நொறுக்குத்தீனியைக் கொண்டுவந்து, பிறகு நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே பெயரில் வந்த ஓட்ஸ் சந்தையில் நிலைத்தது, அதிலும் மசாலா ஓட்ஸ் பெரிதாக வளர்ந்தது. இரண்டுக்கும் பெயரும் ஒன்று, வாக்குறுதியும் ஒன்று. எங்கள் பார்வையில் வித்தியாசம் வாங்கும் தருணத்தில் இருக்கிறது. நொறுக்குத்தீனியை ஆள் நாக்குக்காக வாங்குகிறார், அங்கே ஆரோக்கியம் என்று எழுதியதும் ருசி குறைவு என்ற சந்தேகம் வருகிறது. காலை உணவில் ஆரோக்கியத்தைத் தேடித்தான் வருகிறார், ஓட்ஸில் அவருக்குக் குறையாக இருந்தது ருசிதான். மசாலா அந்தக் குறையைத் தீர்த்தது.

உங்கள் விஷயத்தில், மாவு வாங்கும் குடும்பம் எதைப் பார்த்து வாங்குகிறது? இன்றைய தேதி இருக்கிறதா, பாக்கெட் உப்பாமல் இருக்கிறதா, போன தடவை இட்லி மெத்தென்று வந்ததா. மசாலாப் பெயருக்கு இந்த மூன்றிலும் சொல்ல ஒன்றுமில்லை.

லாப நஷ்டக் கணக்கை எப்படிப் போடுவது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

கீழே உள்ள எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வரியைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

ஒரு கிலோ பாக்கெட் விலை ₹70. கடைக்கு ₹10 போனால் உங்களுக்கு ₹60. ஒரு கிலோ அரிசி, உளுந்துக்குச் சுமார் இரண்டரை கிலோ மாவு வரும். ஆகவே ஒரு பாக்கெட்டுக்குத் தானியம் 400 கிராம். நாலுக்கு ஒன்று என்றால் இட்லி அரிசி 320 கிராம், உளுந்து 80 கிராம், சேர்த்து ₹25. அரைக்க, ஆள் கூலி, மின்சாரம் ₹6. பாக்கெட் ₹3. மொத்தம் ₹34.

விற்ற பாக்கெட்டில் ₹26 மிச்சம். திரும்பி வந்த பாக்கெட்டில் ₹34 போச்சு, ஏனென்றால் மசாலா மாதிரி அதை வேறு கடைக்கு மாற்றிவிட முடியாது. இதை ஒரே வரியில் எழுதலாம்: அனுப்பிய ஒரு பாக்கெட்டுக்குச் சராசரி மிச்சம் = 60 × (விற்ற பங்கு) – 34.

குளிர்சாதன வண்டி ஒன்றுக்கு ஓட்டுநர், உதவியாள், டீசல் சேர்த்து நாளுக்கு ₹3,200 என்று வைப்போம். ஒரு லைனில் 40 கடை. ரிட்டர்ன் 10 சதவீதமாக இருந்தால் பாக்கெட்டுக்கு ₹20 மிச்சம், நாளுக்கு 160 பாக்கெட் அனுப்பினால் வண்டிச் செலவு தேறும், கடைக்கு 4 பாக்கெட். ரிட்டர்ன் 30 சதவீதமானால் மிச்சம் ₹8-தான், வண்டியை ஓட்டவே 400 பாக்கெட் வேண்டும், கடைக்கு 10.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. 160 போதாமல் கையைக் கடித்தால், விற்பனை மேலாளர் செய்யும் முதல் காரியம் கடைக்குக் கூடுதலாக இறக்குவது. ஐந்து விற்கும் கடையில் பத்தைத் தள்ளினால் ரிட்டர்ன் 50 சதவீதம். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 30 – 34 = –4. வண்டிச் செலவைச் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு பாக்கெட்டும் நஷ்டம். ஆனால் அந்த மாத அறிக்கையில் 'அனுப்பிய அளவு' இரட்டிப்பாகியிருக்கும், எல்லோரும் கை குலுக்கிக்கொள்வார்கள். மாவு வியாபாரத்தில் அனுப்பிய அளவை விற்பனை என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

இன்னும் ஆலைச் செலவு இருக்கிறது. குளிர் அறை, இரவு ஷிப்ட், பரிசோதனை ஆகியவை மாதம் ₹1,50,000 என்றும், மூன்று வண்டிகள் 26 நாள் ஓடுவதாகவும் வைத்தால், ஒரு வண்டியின் தலையில் நாளுக்குச் சுமார் ₹1,920 ஏறும். வண்டிச் செலவோடு சேர்த்து ₹5,120. பத்து சதவீத ரிட்டர்னில் நாளுக்கு 256 பாக்கெட் அனுப்பி, 230 விற்க வேண்டும்.

மாதத்துக்குக் கிட்டத்தட்ட 6,000 பாக்கெட். வாரம் ஒரு கிலோ வாங்கும் குடும்பம் மாதத்துக்கு 4.3 பாக்கெட் எடுக்கும். அப்படியானால் ஒரு லைனுக்கு ஏறக்குறைய 1,400 குடும்பங்கள், ஒரு கடைக்கு 35. தொடர்ந்து வாங்கும் 35 குடும்பம் ஒரு கடைக்குக் கிடைக்குமா என்பதுதான் நீங்கள் பதில் தேட வேண்டிய கேள்வி.

எத்தனை நாள் சோதித்தால் தெரியும்?

மாவு வாரந்தோறும் வாங்கும் பொருள் என்பதால் பலரும் நினைப்பதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரே ஒரு லைனில் 13 வாரம் போதும், ஒரு நிபந்தனையோடு: அதற்குள் கோடை வர வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தொடங்கும் சோதனை நம்மை ஏமாற்றும். குளிரில் மாவு மெதுவாகப் புளிக்கும், கடைப் பெட்டியிலும் இடமிருக்கும். சித்திரை, வைகாசியில் அதே பெட்டியைக் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் பிடித்துக்கொள்ளும், உங்கள் மாவு கதவோரத்துக்குத் தள்ளப்படும், கதவு நாளுக்கு நூறு முறை திறக்கும். பிப்ரவரி கடைசியில் தொடங்கினால் இரண்டு பருவத்தையும் பார்த்துவிடலாம்.

முதல் மூன்று வார விற்பனையை ஒதுக்கிவிடுங்கள். அது உங்கள் மசாலாப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் பத்துப் பதினைந்து வீடுகளின் சம்மதத்தோடு கைபேசி எண் வாங்கிக்கொண்டு, யார் எத்தனையாவது முறை வாங்குகிறார்கள் என்று குறியுங்கள். கடைக்கு 100 குடும்பம் முயன்று பார்த்திருந்தால், மேலே போட்ட கணக்கின்படி 35 பேர் நிலைக்க வேண்டும். 20 பேர்தான் நிலைக்கிறார்கள் என்றால் விளம்பரம் செய்து பயனில்லை. விளம்பரம் இன்னும் நூறு பேரை முயல வைக்கும், அந்தத் தெருவில் நூறு பேர் மிச்சமிருக்க வேண்டுமே.

எப்போது நிறுத்த வேண்டும்?

நிறுத்தும் எல்லையைத் தொடங்கும் முன்பே எழுதி, கணக்குப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். விற்பனைப் பிரிவிடம் கொடுக்க வேண்டாம். இயந்திரம் வாங்கி, கோவிலில் பூஜை போட்டுத் தொடங்கிய பிறகு யாருக்கும் மனம் வராது. மேலே உள்ள உதாரணத்துக்கு மூன்று எல்லைகள் போதும்.

13-ஆவது வாரத்தில், கடைக்கு அனுப்பும் அளவைக் கூட்டாமலேயே ரிட்டர்ன் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் நிறுத்துங்கள். ரிட்டர்ன் குறைவாக இருந்தும் கடைக்கு நிலைத்த குடும்பம் 25-ஐத் தாண்டவில்லை என்றால், லைனை 40 கடையிலிருந்து நன்றாக விற்கும் 20 கடைக்குச் சுருக்கி, சின்ன வண்டியில் இன்னும் 8 வாரம் பார்க்கலாம். அதற்குப் பிறகும் எண் தேறவில்லை என்றால் நீட்டிக்க வேண்டாம்.

மூன்றாவது எல்லை மசாலாவைப் பற்றியது, இதைத்தான் யாரும் அளப்பதில்லை. மாவு போகும் 40 கடைகளிலும், மாவு போகாத அதே மாதிரியான 40 கடைகளிலும், மசாலா பில்லில் எத்தனை வகை எழுதப்படுகிறது என்று மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். மாவுக் கடைகளில் அது இறங்கத் தொடங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம். உங்கள் சேல்ஸ்மேன் உப்பிய பாக்கெட்டுக்குச் சமாதானம் சொல்வதிலேயே நேரத்தைச் செலவிட்டு, மல்லித்தூள் ஆர்டர் எடுக்க மறக்கிறார். அல்லது ரிட்டர்ன் பாக்கி தீராத கோபத்தில் கடைக்காரர் மசாலா பில்லில் கழிக்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும், மாவு லாபத்தில் ஓடினாலும்கூட, மாவை அந்தப் பெயரிலிருந்து பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

கிரைண்டரும் குளிர் அறையும் வாங்கிவிட்டோமே, அந்தப் பணம்?

போட்ட பணத்துக்காகப் பெயரைப் பணயம் வைக்க வேண்டாம். இயந்திரம் வேறு, பெயர் வேறு. அதே மாவை ஹோட்டல், மெஸ், விடுதிகளுக்குக் கேனில், பெயரில்லாமல், முன்தின ஆர்டருக்குக் கொடுக்கலாம். பாக்கெட் செலவு இல்லை, ரிட்டர்ன் கிட்டத்தட்ட இல்லை. கிலோவுக்கு ₹31-ஐத் தாண்டி, உங்கள் வண்டிச் செலவும் தேறும் விலை கிடைத்தால் இயந்திரம் ஓடட்டும். கிடைக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள், முதல் வருடத்தில் விற்பதுதான் நல்ல விலைக்குப் போகும்.

மசாலாப் பெயரையே வைக்காமல், மாவுக்குப் புதுப் பெயர் வைத்தால்?

கெட்டுப்போகும் பொருள் என்றால் எங்கள் ஓட்டு அதற்குத்தான். கெவின்கேர் சிக், நைல், மீரா, ருச்சி என்று வகைக்கொரு பெயர் வைத்து வளர்ந்தது. ஷாம்பூவின் பெயரை ஊறுகாயில் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அமுல் எதிர்ப்பக்கம்: வெண்ணெய், பால், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே பெயர். ஆனால் அங்கே எல்லாவற்றின் அடியிலும் பால்தான் ஓடுகிறது, குளிர் வண்டியும் ஏற்கெனவே இருந்தது.

நடுவழியும் உண்டு: முன்பக்கத்தில் புதுப் பெயர் பெரிதாக, பின்பக்கத்தில் உங்கள் மசாலா நிறுவனத்தின் தயாரிப்பு என்று சின்னதாக. முதல் விற்பனையில் கொஞ்சம் வேகம் குறையும். உப்பிய பாக்கெட்டின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அதில் தெரியும் பெயர் சாம்பார் பொடியின் பெயராக இருக்காது.

பெயர் எதுவானாலும் வர்த்தக முத்திரைப் பதிவைப் பாருங்கள். மசாலாவும் மாவும் வகை 30-ல் வரும், ஆனால் உங்கள் பதிவில் பொருள் விவரம் 'மசாலாப் பொடிகள்' என்று மட்டும் இருந்தால் மாவு அதில் அடங்காது. ஊறுகாய், சமையல் எண்ணெய் வகை 29. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்திலும் புது உணவு வகையைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், உரிமத்தைத் திருத்தாமல் பழைய உரிம எண்ணை மட்டும் அச்சடித்தால் ஆய்வில் மாட்டுவீர்கள்.

அப்படியானால் மசாலா பிராண்டு எதில்தான் இறங்கலாம்?

அதே அட்டைப்பெட்டியில், அதே வண்டியில், அதே தட்டுக்குப் போகும் பொருளில். இட்லிப் பொடி, புளியோதரைப் பொடி, அடை மிக்ஸ், ரவா இட்லி மிக்ஸ். இட்லி மேல் ஆசை இருந்தால் ஈர மாவை விட்டு, உலர் மிக்ஸில் தொடங்குங்கள். உணவகமாக இருந்த எம்டிஆர், 1975-ல் நெருக்கடி நிலையின் விலைக் கட்டுப்பாட்டில் ஹோட்டல் நடத்த முடியாமல் போனபோது, பொடிகளையும் மிக்ஸ்களையும் பாக்கெட்டில் விற்கத் திரும்பியது. சமையலறைக் கைப்பக்குவம் இருந்த பெயர் அது, உலர் பொடியில் அந்தக் குணம் கெடாமல் போய்ச் சேர்ந்தது.

அதே பெயரில் ஊதுபத்தி?

வேண்டாம். சாம்பாரில் ஊதுபத்தி வாசம் வருகிறதோ என்று ஒருமுறை தோன்றினால் போதும்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால், எப்படி நிறுத்துவது?

கடைசி நாள் உற்பத்தியைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கடைக்கும் சேல்ஸ்மேன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வண்டி வராமல் போய்த் தெரிந்துகொள்ளும் கடைக்காரர், அடுத்து நீங்கள் கொண்டுவரும் எந்தப் புதுச் சரக்கையும் தொட மாட்டார். கடைசி வாரத்தில் 'ஒன்று வாங்கினால் ஒன்று' போடாதீர்கள். இரண்டாவது பாக்கெட் வீட்டில் புளித்துப் போகும், கடைசி ஞாபகம் அதுவாக நிற்கும். மிச்சத்தைத் திரும்ப எடுத்து அழித்துவிடுங்கள்.

ரிட்டர்ன் கிரெடிட் நோட்டை 15 நாளுக்குள் கொடுத்து முடிக்கவும். அச்சடித்த வெற்றுப் பாக்கெட் சுருள்களை எடைக்குப் போடாமல் வெட்டி அழிக்கவும், இல்லையென்றால் வேறு யாரோ அரைத்த மாவு உங்கள் பெயரில் சந்தைக்கு வரும். புதுப் பெயரைப் பதிந்திருந்தால் அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் பதிவுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத முத்திரையை நீக்கக் கோரி மற்றவர் மனுப்போட 1999-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இடம் தருகிறது. உலர் மிக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் அந்தக் காலத்துக்குள் அதே பெயரில் போட்டுவிடுங்கள், பதிவின் பொருள் விவரத்தில் மிக்ஸும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.